வாழை நார் இயந்திரமும் இரண்டு ஸ்பிரிங்குகளும்: எதற்குக் காப்புரிமை கிடைக்கும்?

வாசகர் கேள்வி: "ஐயா, தேனி பக்கம் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வாழை மட்டையில் நார் பிரிக்கும் இயந்திரம் செய்கிறேன். சந்தையில் உள்ளவற்றில் பிளேடு உருளைக்கும் பின் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறாது. தடித்த மட்டை வந்தால் நார் அறுந்துவிடும். அதனால் பின் தட்டை ஒரு ஸ்பிரிங் மேல் நிறுத்தினேன். போன வருடம் ஒரு விவசாயக் கண்காட்சியில் ஓட்டிக் காட்டினேன், யூடியூபில் போட்டேன், இரண்டு இயந்திரங்கள் விற்றேன். தட்டு அதிர்ந்துகொண்டே இருந்ததால் இப்போது மேலே மெலிந்த ஸ்பிரிங், கீழே தடித்த ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். அதிர்வு நின்றுவிட்டது, நார் அறுவதும் மிகவும் குறைந்துவிட்டது. இந்தப் புது மாடலை மூன்று மாதமாக ஒரு மகளிர் குழு ஓட்டிப் பார்க்கிறது. தண்ணீர் தெளிப்பானும் மட்டை எண்ணும் கவுண்டரும் சேர்த்திருக்கிறேன். வழியும் சாற்றில் வேப்பம்புண்ணாக்கும் வெல்லமும் ஊறவைத்துப் பயிருக்குத் தெளிக்கிறோம், நல்ல பலன். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காப்புரிமை வாங்கலாமா?"

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்க முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்குக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. மேலே மெலிந்ததும் கீழே தடித்ததுமாகப் போட்டதும் அதிர்வு நின்றது என்ற வரிதான் அது. மற்றவை ஏன் தேறாது என்பது புரிந்தால்தான் இதை எப்படிக் காப்பாற்றுவது என்பதும் புரியும் என்பதால், கண்காட்சியிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 ஒரு கண்டுபிடிப்பிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. அது புதியதா, துறை தெரிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாததா, தொழிலில் பயன்படக்கூடியதா என்பவையே அவை. மூன்றாவதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. இயந்திரம் ஓடுகிறது, நார் வருகிறது. சிக்கல் முதல் இரண்டில்தான்.

புதுமை என்பதை நம்மவர்கள் பெரும்பாலும் "இதை வேறு யாரும் செய்யவில்லை" என்று புரிந்துகொள்கிறார்கள். சட்டம் பார்ப்பது வேறு. விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு முன்பு, உலகின் எந்த மூலையிலாவது வெளியான ஓர் ஆவணத்தில் இந்த விஷயம் இருக்கிறதா, அல்லது இந்தியாவில் பொதுமக்களுக்குத் தெரியும்படி இது பயன்பாட்டில் இருந்ததா என்று அது பார்க்கிறது. அப்படி வெளியிட்டவர் நீங்களாகவே இருந்தாலும் பொதுவாக விலக்குக் கிடையாது. ஆகவே நீங்கள் யூடியூபில் ஏற்றிய வீடியோ, விற்ற இரண்டு இயந்திரங்கள், கண்காட்சியில் ஓட்டிக் காட்டியது ஆகிய மூன்றும் சேர்ந்து, ஒற்றை ஸ்பிரிங் மாடலை இன்று பொதுச்சொத்தாக்கிவிட்டன. வீடியோவில் மூடி போட்டிருந்தது, உள்ளே தெரியவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். வீடியோவைப் பொறுத்தவரை அது நல்ல வாதம்தான். ஆனால் வாங்கிப்போன விவசாயி ஒரு ஸ்பானரால் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். ரகசியம் காக்க அவருக்கு எந்தக் கடப்பாடும் இல்லை. ஆகவே விற்பனை என்பது பெரும்பாலும் வெளியீடுதான்.

கண்காட்சிக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். 31-ஆம் பிரிவில் அது உண்டு. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருந்து, அது தொடங்கிய 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அந்தக் காட்சி உங்களுக்கு எதிராக எண்ணப்படாது. மாவட்டந்தோறும் நடக்கும் விவசாயக் கண்காட்சிகளுக்கு அப்படிப்பட்ட அறிவிப்பு இருப்பது அபூர்வம். எதற்கும் ஏற்பாட்டாளரிடம் கேட்டுப் பாருங்கள்; ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். அது கிடைத்தாலும், விற்ற இரண்டு இயந்திரங்களை அந்தப் பிரிவு மறைக்காது.

வீடியோவை உடனே அழித்துவிடலாமா என்பது அடுத்து எழும் எண்ணமாக இருக்கும். அழிக்காதீர்கள். ஒருமுறை வெளியானது அழித்தாலும் வெளியானதுதான். மாறாக, அந்த வீடியோவில் இரண்டு ஸ்பிரிங் அமைப்பு இல்லை என்பதைப் பின்னாளில் நீங்களே காட்ட வேண்டி வரலாம். அதற்கு அது சாட்சி. தேதியோடு ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி இரண்டு ஸ்பிரிங் மாடல். இதை விற்கவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். மகளிர் குழுவிடம் இருப்பது ஒன்றுதான். இங்கே 32-ஆம் பிரிவு கைகொடுக்கலாம். விண்ணப்பிக்கும் முன் ஓராண்டுக்குள், கண்டுபிடித்தவரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ, நியாயமான சோதனை ஓட்டத்துக்காக மட்டும் வெளியிடத்தில் இயக்கியிருந்தால், அந்தக் காரணம் ஒன்றுக்காகவே புதுமை போய்விடாது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. நோக்கம் சோதனையாக மட்டுமே இருக்க வேண்டும். அந்தச் சோதனையை வெளியில்தான் நடத்த வேண்டும் என்று கண்டுபிடிப்பின் தன்மையே கேட்க வேண்டும். வாழை நார் இயந்திரத்தைப் பல வகை வாழைகளின் பச்சை மட்டையைக் கொண்டு, பல கைகள் நாள்கணக்கில் ஓட்டித்தான் சோதிக்க முடியும் என்பது வாதாடக்கூடிய காரணம். குழு அதில் எடுத்த நாரை விற்றுக்கொண்டிருந்தால் அந்த வாதம் பலவீனப்படும். அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த விலக்கு இந்தியச் சட்டத்துக்கு மட்டும் உரியது. ஐரோப்பாவில் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இது உதவாது.

அடுத்தது, பட்டறைக்காரர்களை அதிகம் வீழ்த்தும் கேள்வி. நாங்கள் இன்வென்டிவ் ஸ்டெப் என்று சொல்வது இதைத்தான். சட்டத்தின் சொற்களில், இருக்கும் அறிவோடு ஒப்பிடும்போது தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு, துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது. "நல்லா விற்குது சார்" என்பது முதல் பாதிக்கு ஓரளவு பதில். இரண்டாம் பாதிக்குப் பதிலே அல்ல.

இதற்கு உங்கள் தொழிலுக்கு மிக அருகிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. உத்தரப் பிரதேசம் மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் ஒரு நிறுவனம் 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றது. அதற்கு முன்பு, தட்டு போன்ற ஆழமில்லாத பாத்திரங்களை லேத்தின் சுழலும் முனையான ஹெட்ஸ்டாக்கில் மட்டும் பொருத்திக் கடைந்தார்கள். சூட்டில் இளகும் பசையால் ஒட்டுவது ஒரு வழக்கம். சுழலும்போது பாத்திரம் பிடி விட்டுப் பறந்து தொழிலாளியின் மேல் விழும் ஆபத்து இருந்தது. அந்த நிறுவனம் எதிர்ப்பக்கம் கூர்முனை கொண்ட டெயில்ஸ்டாக்கை வைத்து, அடாப்டருக்கும் கூர்முனைக்கும் நடுவே பாத்திரத்தை அழுத்திப் பிடித்தது. பயன் உண்மையானது, ஆபத்து குறைந்தது, வேலை சீரானது. ஆனாலும் பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்த வழக்கில், 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்று முடித்துவிட்டது. லேத், ஹெட்ஸ்டாக், அடாப்டர், டெயில்ஸ்டாக் எல்லாமே பல காலமாகத் தெரிந்தவை. ஒரு பொருளை இரு முனைக்கும் நடுவே பிடிப்பது டெயில்ஸ்டாக்கின் வழக்கமான வேலை. அந்த வேலையைப் பாத்திரத்துக்குச் செய்யவைத்தது பட்டறை மட்டத்து மேம்பாடு, கண்டுபிடிப்பு அல்ல என்பதே சாரம். 1951-இல் எழுதிய ஒரு காகிதத்தின் கதை 1978-இல் முடிந்தது என்பதையும், சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் அது செல்லும் என்று எந்த அலுவலகமும் உறுதி கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

அந்தத் தீர்ப்பில் வரும் சோதனையைத் தமிழில் இப்படிச் சொல்லலாம். உங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி எதுவும் தெரியாத, ஆனால் தொழில் நன்கு தெரிந்த ஒருவரிடம் பழைய ஆவணத்தைக் கொடுத்து, உங்களுக்கு இருந்த அதே சிக்கலையும் சொன்னால், "எனக்கு வேண்டியது இதில் இருக்கிறதே" என்று அவர் சொல்வாரா?

இதை உங்கள் ஒற்றை ஸ்பிரிங்குக்குப் பொருத்திப் பாருங்கள். நீங்களே வெளியிடாமல் இருந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் முதலில் `D01B` என்ற வகைப்பாட்டில் தேடுவார். தாவர நாரை இயந்திரத்தால் பிரிப்பவை அங்கேதான் இருக்கும். வாழைக்கு மட்டுமல்ல, கற்றாழை நாருக்கும் அபாக்காவுக்கும் ஆளிக்கும் செய்தவை எல்லாம் அதில் வரும். பிளேடு உருளையும் நிலையான தட்டும் கொண்ட ஓர் இயந்திரத்தை எடுத்து D1 என்று பெயரிடுவார். பிறகு, சரக்கின் தடிமனுக்கு ஏற்ப உருளை விலகிக்கொடுக்க ஸ்பிரிங் வைத்த கரும்பு ஆலை ஒன்றை எடுத்து D2 என்பார். புதுமைக்கு மறுப்புச் சொல்ல எல்லாக் கூறுகளும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும்; இன்வென்டிவ் ஸ்டெப்புக்கு அப்படி அல்ல, இரண்டு மூன்று ஆவணங்களை இணைத்துப் பார்க்கலாம். தடிமன் மாறும் சரக்குக்கு ஸ்பிரிங் வைப்பது D1-ஐப் படித்த எந்த ஃபிட்டருக்கும் தோன்றும் என்று ஆய்வாளர் எழுதுவார், அதற்குப் பதில் சொல்வது கடினம்.

இரண்டு ஸ்பிரிங்கில் நிலைமை மாறுகிறது, ஏனென்றால் அங்கே எதிர்பாராத ஒன்று நடக்கிறது. நான் புரிந்துகொண்டது சரியானால், ஒற்றை ஸ்பிரிங்கில் முழுத் தட்டும் பின்வாங்கி, அடுத்த பிளேடு வருவதற்குள் திரும்பத் துள்ளி வந்து, பிளேடின் வாயில் நாரைக் கொடுக்கிறது. நீங்கள் செய்த மாற்றத்தில் தட்டு பின்வாங்குவதில்லை, சாய்கிறது. மட்டை நுழையும் மேல்பக்கம் ஆப்புப் போல விரிந்து தடித்த பகுதியை உள்வாங்குகிறது. சுரண்டும் கீழ்ப்பக்கத்து இடைவெளி தடித்த ஸ்பிரிங்கால் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. அதிர்வைக் குறைக்க வழக்கமான ஃபிட்டர் என்ன செய்வார்? ஸ்பிரிங்கை இறுக்குவார், அல்லது ரப்பர் வைப்பார், அல்லது பழையபடி போல்ட்டால் தட்டை நிறுத்திவிடுவார். ஒரே தட்டுக்கு இரு வேறு விறைப்புள்ள ஸ்பிரிங் வைத்து அதைச் சாய விடுவது அந்த வரிசையில் இல்லை. இங்கே ஒரு சங்கடம் உண்டு. உங்கள் பழைய மாடல்தான் இப்போது உங்களுக்கு மிக அருகில் இருக்கும் D1. ஆகவே ஒப்பீடு நிலையான தட்டோடு போதாது, ஒற்றை ஸ்பிரிங்கோடும் வேண்டும்.

அதற்கு நீங்கள் செய்ய வேண்டிய சோதனை எளிது. ஒரே தோட்டத்தில், ஒரே வகை வாழையில், ஒரே வயது மரத்தின் மட்டைகளை வெட்டி, எடை சமமான மூன்று பங்காக்குங்கள். நிலையான தட்டு, ஒற்றை ஸ்பிரிங், இரட்டை ஸ்பிரிங் என மூன்று அமைப்பிலும் மோட்டார் வேகத்தை மாற்றாமல் ஓட்டுங்கள். முழுநீள நாரையும் அறுந்த நாரையும் தனித்தனியே காயவைத்து எடை போடுங்கள். இதை ஒருநாள் செய்து நிறுத்தாமல், ஐந்தாறு முறை செய்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பிறகு ஸ்பிரிங்குகளை இடம் மாற்றி, தடித்தது மேலே வருமாறு வைத்தும் ஒருமுறை பாருங்கள். அப்போது நார் மறுபடி அறுந்தால், விறைப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பலனுக்குக் காரணம் என்று அந்த எண்கள் பேசும். இரண்டு அமைப்பிலும் வித்தியாசம் இல்லையென்றால், எனக்கு அதைச் சொல்லுங்கள். நாம் வேறு காரணம் தேட வேண்டும், அல்லது செலவை நிறுத்த வேண்டும்.

தண்ணீர் தெளிப்பானுக்கும் கவுண்டருக்கும் வருகிறேன். சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எவையெல்லாம் கண்டுபிடிப்பே அல்ல என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் (எஃப்) உட்பிரிவு, தெரிந்த சாதனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன்போக்கில் தனக்குத் தெரிந்த வேலையையே செய்தால் அது கண்டுபிடிப்பல்ல என்கிறது. நம் வீட்டு டேபிள்டாப் கிரைண்டரில் தேங்காய் துருவியை மாட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். துருவி இருப்பதால் மாவு நைசாக அரைபடுவதில்லை. உங்கள் கவுண்டரும் அப்படித்தான். அது எண்ணுகிறது, நார் பிரிவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை விட்டுவிடுங்கள். தெளிப்பானை உடனே விட்டுவிட வேண்டாம். தண்ணீர் விழும் இடம் பிளேடும் தட்டும் சந்திக்கும் புள்ளியாக இருந்து, அங்கே சதை ஒட்டாமல் இருப்பதால்தான் தட்டு தடையின்றிச் சாய்கிறது என்றால், இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து வேலை செய்கின்றன. அப்போது அதை, முதன்மை உரிமைக் கோரிக்கையைச் சார்ந்த ஒரு துணைக் கோரிக்கையாக வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "கற்றாழை நார் இயந்திரத்தை வாழைக்குப் பயன்படுத்தியது" என்ற கோணத்தில் எங்கும் எழுதிவிடாதீர்கள். தெரிந்த இயந்திரத்தின் வெறும் புதுப் பயன்பாட்டை 3(டி) விலக்குகிறது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து வழக்கால் எல்லோருக்கும் தெரிந்த உட்பிரிவுதான் இது. சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த அந்த வழக்கினால், 3(டி) மருந்துக்கு மட்டும் உரியது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் கடைசி வரிகளில் இயந்திரமும் இருக்கிறது.

சாற்றுக் கரைசலுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பயிருக்குத் தெளிக்கும் முறை என்று கேட்டால், விவசாய முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்று 3(எச்) நிறுத்தும். கரைசலையே ஒரு பொருளாகக் கேட்டால், வெறும் கலவை என்று 3(இ) வரும். கலந்த பிறகு கிடைக்கும் பலன், தனித்தனிப் பொருள்களின் பலன்களைக் கூட்டினால் வருவதைவிட மேலானது என்று எண்களோடு காட்டினால்தான் அதைத் தாண்டலாம். அதையும் தாண்டினால் 3(p) நிற்கிறது. வேப்பம்புண்ணாக்கும், வெல்லம் சேர்த்து ஊறவைக்கும் கரைசலும் நம் உழவர்களின் வழிவழி அறிவு. பாரம்பரிய அறிவையோ, அதில் தெரிந்த பொருள்களின் தெரிந்த பண்புகளைச் சேர்த்ததையோ கண்டுபிடிப்பாக ஏற்க முடியாது என்பது அந்த உட்பிரிவு. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் கொடுத்த காப்புரிமையை நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்து 1997-இல் நீக்கவைத்ததும் இதே அறிவை முன்வைத்துத்தான். அந்தப் பக்கம் நின்று வாதாடிய நாம் இந்தப் பக்கம் வந்து நிற்பது அழகல்ல.

விண்ணப்பத்துக்கு வருவோம். கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணமான முழு விவரணம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். தற்காலிக விவரணத்தை முதலில் கொடுத்து விண்ணப்ப நாளைப் பிடியுங்கள், 12 மாதத்துக்குள் முழு விவரணம் கொடுத்தால் போதும். தனிநபராக ஆன்லைனில் கொடுத்தால் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். பிறகு ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய், அதை முதல் விண்ணப்பத்தின் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஆனால் தற்காலிகம் என்ற சொல்லை நம்பி ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். பம்பு செட் செய்யும் ஒருவர், முன்பு வேறிடத்தில் எழுதிக் கொடுத்த அப்படிப்பட்ட ஒரு விவரணத்தோடு என்னிடம் வந்தார். அதில் "மேம்படுத்தப்பட்ட இம்பெல்லர்" என்று இருந்ததே தவிர, எப்படி மேம்பட்டது என்பது எங்கும் இல்லை. நடுவில் அவர் பம்பை விற்கத் தொடங்கிவிட்டார். பழைய தாளில் இல்லாத விஷயத்துக்குப் பழைய தேதி கிடைக்காது. அவருடைய விற்பனையே அவரை மறித்தது. ஆகவே தட்டு எந்தப் புள்ளியில் திரும்புகிறது, ஸ்பிரிங் கம்பியின் தடிமன் என்ன, எத்தனை சுற்று, தட்டு எத்தனை டிகிரி சாய்கிறது, மேலும் கீழும் விறைப்பு எந்த விகிதம்வரை மாறினாலும் பலன் கிடைக்கிறது என்பவற்றைப் படத்தோடு எழுதுங்கள்.

உரிமை கோரும் வாசகம் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி தருகிறேன். "ஸ்பிரிங் மேல் நிறுத்திய பின் தட்டு கொண்ட நார் பிரிக்கும் இயந்திரம்" என்று எழுதினால் உங்கள் யூடியூப் வீடியோவே அதைக் கொன்றுவிடும். "பிளேடு உருளையும் அதற்கு எதிரே ஒரு பின் தட்டும் கொண்ட நார் பிரிக்கும் இயந்திரம், அதில் பின் தட்டு, மட்டை நுழையும் மேல் விளிம்பின் அருகே முதல் ஸ்பிரிங்காலும், மட்டை வெளியேறும் கீழ் விளிம்பின் அருகே அதைவிட விறைப்பான இரண்டாம் ஸ்பிரிங்காலும் தாங்கப்பட்டு, தடித்த மட்டை வரும்போது கீழ் விளிம்பின் இடைவெளி ஏறக்குறைய மாறாமல் இருக்க, மேல் விளிம்பு மட்டும் விலகிச் சாயும்படி அமைந்துள்ளது" என்றால் பேசுவதற்கு இடம் இருக்கிறது. இது குறுகியதுதான். போட்டியாளர் இரண்டு ஸ்பிரிங்குக்குப் பதில் வளையும் தகட்டை வைத்துத் தப்பப் பார்ப்பார். அதனால் "ஸ்பிரிங்" என்பதற்கு ரப்பர், தகட்டு ஸ்பிரிங், காற்று உருளை ஆகியவையும் அடங்கும் என்று விவரணத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இந்த அளவுள்ள மேம்பாட்டுக்கு ஜெர்மனியிலும் சீனாவிலும் சிறு காப்புரிமை என்று தனியே ஒன்று உண்டு. குறைந்த காலத்துக்கு, எளிதாகக் கொடுப்பார்கள். இந்தியாவில் அது இல்லாததால் உங்களைப் போன்றவர்கள் முழு வாசலில்தான் தட்ட வேண்டியிருக்கிறது. வடிவமைப்புப் பதிவு செய்யச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால், அது இயந்திரத்தின் வெளித்தோற்றத்தை மட்டுமே காக்கும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த வாரமே மகளிர் குழுவிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எந்தத் தேதியில் இயந்திரம் அவர்களிடம் வந்தது, விலை வாங்கவில்லை, சோதனைக்காகவே கொடுக்கப்பட்டது, உள்ளமைப்பை வெளியாருக்குக் காட்டுவதில்லை என்ற நான்கும் அதில் இருக்கட்டும். விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை இரண்டாவது இயந்திரத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம், முன்பணமும் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
காப்புரிமை முகவர், சென்னை